640 என்றால் எத்தனை டிகிரி?

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் பலர் இன்குபேட்டரை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். தெர்மோகோல் பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு குண்டு பல்பு, காற்றைச் சுற்றிவிட ஒரு சின்ன விசிறி, பல்பை எரியவிடவும் அணைக்கவும் ஒரு ரிலே. இவற்றை ஓர் ஆர்டுயினோ உனோ பலகை கட்டுப்படுத்துகிறது. விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்குத் தேவை 37.5 டிகிரி செல்சியஸ். பொரிக்க 21 நாள். வெப்பம் ஒரு டிகிரி கூடுதலாகவே நாள்கணக்கில் நீடித்தால் குஞ்சுகள் முந்திக்கொண்டு, நோஞ்சானாக வெளிவரும். இரண்டு டிகிரி கூடினால் பல கருக்கள் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகும்.

வெப்பத்தை அளக்க இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர். மிளகளவுகூட இல்லாத ஒரு மணி, அதிலிருந்து இரண்டு கம்பிகள். விலை சில ரூபாய்தான். ஆனால் அது நேரடியாக டிகிரியைச் சொல்லாது. பலகையோடு இணைத்துப் படித்தால் கணினித் திரையில் 640 என்பதுபோல் ஓர் எண் வரும். அந்த 640 எத்தனை டிகிரி? இதற்கு விடை காண்பதில்தான் முட்டைகளின் பிழைப்பு இருக்கிறது.

தெர்மிஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். இப்படிக் குறையும் வகைக்கு என்டிசி என்று பெயர். வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்து எழுதிவைத்தார். இன்று கடையில் கிடைப்பவை மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டு எடுத்தவை. வெப்பம் ஏற ஏற, இந்தப் பொருளுக்குள் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய மின்னூட்டங்கள் எளிதாக நகரத் தொடங்குகின்றன. அதனால் தடை சரிகிறது.

வீட்டு இன்குபேட்டர்களில் அதிகம் காணப்படுவது 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர். 25 டிகிரியில் அதன் தடை 10,000 ஓம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பீட்டா மாறிலி 3950 உள்ள வகையை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் சுமார் 12,540 ஓம், 37.5 டிகிரியில் சுமார் 5,870 ஓம், 100 டிகிரியில் வெறும் 700 ஓம். குளிர்ந்த பக்கத்தில் மளமளவென்று இறங்கி, சூடான பக்கத்தில் மெல்ல மெல்லத் தவழும் வளைகோடு இது. நமக்கு வேண்டிய 37.5 டிகிரியின் அக்கம்பக்கத்தில் ஒரு டிகிரிக்குத் தடை ஏறத்தாழ 4 சதவீதம் மாறுகிறது. இந்த 4 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பிழைகளை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஆர்டுயினோவுக்கு ஓம் அளக்கத் தெரியாது. அதன் அனலாக் பின் பார்ப்பது வோல்ட்டை மட்டும். 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள இடைவெளியை 1024 படிகளாகப் பிரித்து, உள்ளே வரும் மின்னழுத்தம் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று 0 முதல் 1023 வரையில் ஓர் எண்ணைத் தரும். ஆகவே தடையை மின்னழுத்தமாக மாற்றித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு சாதாரண ரெசிஸ்டர்.

தெர்மிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டில் வைக்கிறோம். மறுகாலில் 10 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டரைக் கோர்த்து, அதன் அடுத்த முனையை கிரவுண்டில் இணைக்கிறோம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஒரு கம்பி A0 பின்னுக்குப் போகிறது. வோல்டேஜ் டிவைடர் என்பது இவ்வளவுதான். இரண்டு ரெசிஸ்டர்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், 5 வோல்ட்டை அவை தங்கள் தடையின் விகிதப்படி பங்கு போட்டுக்கொள்கின்றன. சூடு ஏறினால் தெர்மிஸ்டரின் தடை குறைகிறது, அதன் பங்கும் குறைகிறது, கீழே இருக்கும் ரெசிஸ்டரின் பங்கு கூடுகிறது, A0-இல் படிக்கும் எண் ஏறுகிறது.

எண்ணிலிருந்து தடைக்குத் திரும்பும் வழி:

```
R = 10000 × (1024 / n − 1)
```

n என்பது திரையில் வந்த எண். நம் 640-ஐப் போட்டால் 1024 / 640 = 1.6. ஒன்றைக் கழித்தால் 0.6. தடை 6,000 ஓம்.

இந்தச் சூத்திரத்தில் 5 வோல்ட் எங்கேயும் இல்லை. டிவைடருக்குப் போகும் அதே 5 வோல்ட்டைத்தான் பலகை தன் அளவுகோலாகவும் வைத்திருக்கிறது. மலிவான சார்ஜரால் அது 4.7 ஆக இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும், எண் மாறாது. இந்த வசதியைக் கைநழுவ விடுவது சுலபம். தெர்மிஸ்டரைப் பக்கத்தில் இருக்கும் 3.3 வோல்ட் பின்னில் செருகிவிட்டால் அளவுகோல் வேறு, அளக்கப்படுவது வேறு என்று ஆகிவிடும். 640 வர வேண்டிய இடத்தில் 422 வரும். 37 டிகிரியாக இருக்கும் பெட்டி 17 டிகிரி என்று காட்டும், பல்பு அணையவே அணையாது.

கீழே வைக்கும் ரெசிஸ்டர் 10 கிலோ ஓமாக ஏன் இருக்க வேண்டும்? வேறு மதிப்புகளைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 100 கிலோ ஓம் வைத்தால் 37.5 டிகிரிக்கு எண் 967, 38.5 டிகிரிக்கு 969. ஒரு முழு டிகிரிக்கு இரண்டே படிகள். அரை டிகிரி மாறினாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1 கிலோ ஓம் வைத்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 5 படிகள். 10 கிலோ ஓம் வைத்தால் எண் 645-லிருந்து 655-க்குப் போகிறது: ஏறக்குறைய 10 படிகள், அதாவது ஒரு படிக்கு 0.1 டிகிரி. நாம் அளக்க விரும்பும் வெப்பநிலையில் தெர்மிஸ்டரின் தடை எவ்வளவோ, நிலையான ரெசிஸ்டரும் ஏறத்தாழ அவ்வளவே இருக்கும்போதுதான் நுண்மை உச்சத்தில் இருக்கும். அந்தக் கணக்குப்படி 5.6 கிலோ ஓம் இன்னும் பொருத்தம். ஆனால் அதனால் ஒரு டிகிரிக்கு முக்கால் படிதான் கூடுதலாகக் கிடைக்கும். கையில் 10 கிலோ ஓம் இருந்தால் அதுவே போதும்.

இனி 6,000 ஓமை டிகிரியாக்க வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பீட்டா சமன்பாடு:

```
1/T = 1/298.15 + ln(R/10000) / 3950
```

T கெல்வினில். 298.15 என்பது 25 டிகிரி செல்சியஸின் கெல்வின் மதிப்பு. ln என்பது இயல் மடக்கை. பள்ளியில் அதிகம் பழகிய பத்தடிமான மடக்கையை இங்கே போட்டால் விடை தப்பிவிடும். நம் எண்களைப் போடுவோம். 6000 / 10000 = 0.6, அதன் இயல் மடக்கை −0.5108. அதை 3950-ஆல் வகுத்தால் −0.0001293. 1/298.15 என்பது 0.0033540. இரண்டையும் கூட்டினால் 0.0032247. தலைகீழாக்கினால் 310.11 கெல்வின். 273.15-ஐக் கழித்தால் 36.96 டிகிரி செல்சியஸ். பெட்டி இன்னும் அரை டிகிரி சூடேற வேண்டும்.

பலகைக்கு இதை எழுதித் தருவது மூன்று வரி:

```
int n = analogRead(A0);
float r = 10000.0 * (1024.0 / n - 1.0);
float t = 1.0 / (1.0/298.15 + log(r/10000.0)/3950.0) - 273.15;
```

ஆர்டுயினோவில் log என்று எழுதினால் அது இயல் மடக்கைதான். 1024.0 என்பதில் உள்ள புள்ளியையும் பூஜ்யத்தையும் விட்டுவிடக் கூடாது. வெறும் 1024 என்று எழுதினால் பலகை முழு எண் வகுத்தல் செய்யும். 1024-ஐ 640-ஆல் வகுத்து 1 என்று சொல்லி, மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். அப்போது தடை 0 ஓம் ஆகிவிடும், திரையில் −273.15 என்று வரும். அந்த எண் எப்போது கண்ணில் பட்டாலும் பெட்டி குளிர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். ஒன்று வகுத்தல் தவறியிருக்கிறது, அல்லது தெர்மிஸ்டரின் கம்பி அறுந்திருக்கிறது.

இரண்டாவது வழி, அட்டவணை. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தடை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம் டிவைடருக்கு ஏற்ற எண்ணாக ஒரே முறை மாற்றி நிரலுக்குள் வைத்துவிட்டால், பிறகு மடக்கையே தேவையில்லை. நம் தெர்மிஸ்டருக்கு 20 டிகிரியில் 454, 25-இல் 512, 30-இல் 568, 35-இல் 620, 40-இல் 669, 45-இல் 714.

640 என்ற எண் 620-க்கும் 669-க்கும் நடுவில் விழுகிறது. இந்த 49 படிகள் 5 டிகிரிக்குச் சமம். 640 அதில் 20 படி உள்ளே இருக்கிறது. 20-ஐ 49-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 2.04. ஆகவே வெப்பநிலை 37.04 டிகிரி. சமன்பாடு சொன்னது 36.96. வேறுபாடு 0.08 டிகிரி, பலகையின் ஒரு படியைவிடக் குறைவு.

வளைகோட்டின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடு போட்டும் இவ்வளவு நெருக்கமாக வருவதற்குக் காரணம் டிவைடர்தான். தடையை மட்டும் பார்த்தால் 20-லிருந்து 25 டிகிரிக்கு 2,535 ஓம் இறங்குகிறது. 40-லிருந்து 45-க்கு 953 ஓம்தான். பாதிக்கும் குறைவு. ஆனால் டிவைடர் வழியாக வரும் எண்களில் அதே இரண்டு தாவல்கள் 58, 45. வளைவு பெருமளவு நிமிர்ந்துவிட்டது. நிலையான ரெசிஸ்டரைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததற்குக் கிடைக்கும் இரண்டாவது பலன் இது.

எது நல்லது என்று கேட்டால், உனோ போன்ற பலகையில் சமன்பாட்டையே எழுதலாம். நினைவகமும் நேரமும் தாராளமாக உண்டு. சில கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள சிறிய சில்லுகளில் மடக்கைக் கணக்கே பாதி இடத்தைத் தின்றுவிடும். அங்கே அட்டவணைதான் வழி. முப்பரிமாண அச்சு இயந்திரங்களை ஓட்டும் மார்லின் மென்பொருளில் விதவிதமான தெர்மிஸ்டர்களுக்கு அட்டவணைகள் எண்ணிட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பயனர் தன்னுடையது எது என்று எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பீட்டா சமன்பாடு ஒரு தோராயம். பரந்த வெப்ப எல்லையில் அது நழுவும். அதற்காக 1968-இல் ஜான் ஸ்டைன்ஹார்ட், ஸ்டான்லி ஹார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று மாறிலிகள் கொண்ட ஒரு சமன்பாட்டை ஆழ்கடல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்:

```
1/T = A + B ln(R) + C (ln R)³
```

மூன்று வெப்பநிலைகளில் தடையைத் துல்லியமாக அளந்தால் A, B, C மூன்றும் கிடைத்துவிடும். ஆனால் 37 டிகிரியைச் சுற்றியே வேலை பார்க்கும் இன்குபேட்டருக்கு இதற்கு அவசியமில்லை. சமன்பாடா அட்டவணையா என்று பலர் நெடுநேரம் விவாதிக்கிறார்கள். இரண்டும் 0.1 டிகிரிக்குள் ஒத்துப்போவதை மேலே பார்த்தோம். முட்டையைக் கெடுக்கும் பிழைகள் அவற்றுக்குள் நாம் போடும் எண்களில் இருக்கின்றன.

முதல் பிழை பீட்டா மாறிலி. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர்களில் 3950 வகையும் உண்டு, 3435 வகையும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கடைக்காரர் 3435 ஒன்றைக் கொடுத்துவிட்டார், நிரலில் 3950 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் இரண்டும் 10,000 ஓம்தான். மேசையில் வைத்துச் சோதித்தால் அறை வெப்பத்தைக் கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் பெட்டியில் வைத்த பிறகு திரையில் 37.5 என்று வரும்போது தடை 5,868 ஓம். 3435 வகை அந்தத் தடைக்கு வர 39.5 டிகிரி வரை சூடேறியிருக்க வேண்டும். இரண்டு டிகிரி அதிகம். திரை சரியாக இருக்கிறது, பல்பும் ஒழுங்காக அணைந்து எரிகிறது, குஞ்சு மட்டும் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் ஐஸ் போதும். பொடித்த பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். தெர்மிஸ்டரை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீர் புகாமல் அதில் முக்கி, சில நிமிடம் கழித்து மல்டிமீட்டரால் தடையைப் பார்க்க வேண்டும். 32-லிருந்து 34 கிலோ ஓம் வரை காட்டினால் அது 3950 வகை. 27-லிருந்து 29 வரை என்றால் 3435.

இரண்டாவது பிழை நிலையான ரெசிஸ்டரில். தங்க நிற வளையம் உள்ள ரெசிஸ்டர் 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். அந்த 5 சதவீதம் அப்படியே தெர்மிஸ்டரின் தடைக் கணக்கில் ஏறும். டிகிரிக்கு 4 சதவீதம் என்ற கணக்கை இங்கே போட்டால் ஒன்றே கால் டிகிரி பிழை. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை வாங்கலாம். அல்லது இருக்கும் ரெசிஸ்டரையே மல்டிமீட்டரால் அளந்து, சூத்திரத்தின் தொடக்கத்தில் 10000-க்குப் பதிலாக அந்த எண்ணைப் போடலாம். log-க்குள் இருக்கும் 10000-ஐ மாற்றக் கூடாது, அது தெர்மிஸ்டருடையது.

மூன்றாவது, தெர்மிஸ்டர் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்வது. 37.5 டிகிரியில் நம் இணைப்பில் ஓடுவது 0.3 மில்லி ஆம்பியர். தெர்மிஸ்டரில் செலவாகும் திறன் சுமார் 0.6 மில்லி வாட். கேட்க ஒன்றுமில்லைபோல் இருக்கிறது. ஆனால் அசையாத காற்றில் ஒரு சின்ன மணி 1.5 முதல் 2 மில்லி வாட்டிலேயே ஒரு டிகிரி சூடாகிவிடும். ஆக 0.3 அல்லது 0.4 டிகிரி அதன் சொந்தச் சூடு. பெட்டியின் விசிறி நின்றால் இது கூடும், ஓடினால் குறையும். தெர்மிஸ்டரை 5 வோல்ட்டில் நிரந்தரமாக வைக்காமல் ஒரு டிஜிட்டல் பின்னில் இணைத்து, அளக்கும் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் அந்தப் பின்னை HIGH ஆக்கினால் சொந்தச் சூடு அநேகமாக மறைந்துவிடும். பின்னுக்கென்று சில பத்து ஓம் உள்தடை உண்டு. அது சேர்க்கும் சிறு பிழை கடைசிச் சோதனையில் சரியாகிவிடும்.

அந்தக் கடைசிச் சோதனைக்கான கருவி பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதன் நுனியிலும் ஒரு தெர்மிஸ்டர்தான் இருக்கிறது, நமக்கு வேண்டிய வெப்பத்துக்கென்றே அளவு பார்த்து அனுப்பப்பட்டது. ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, உறையிட்ட நம் தெர்மிஸ்டரையும் அதன் நுனியையும் சேர்த்துக் கட்டி முக்கி, நீரைக் கலக்கிக்கொண்டே பார்க்க வேண்டும். ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 99.5 என்பது 37.5 செல்சியஸ். இந்தக் கருவி தான் கண்ட உச்ச வெப்பத்தையே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் படிக்க வேண்டும். நம் திரை 0.3 குறைவாகக் காட்டினால், நிரலின் கடைசி வரியில் 0.3 கூட்டிவிடலாம். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூட்டிக் கழித்து மறைக்க வேண்டாம். பீட்டாவோ ரெசிஸ்டரோ தவறு, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். நம் இணைப்பில் தெர்மிஸ்டர் கழன்றால் A0 கிரவுண்டோடு மட்டும் நிற்கும், எண் 0 ஆகிவிடும். கணக்குப்படி அது கடும் குளிர். நிரல் பல்பை விடாமல் எரியவிடும். ஆகவே டிகிரிக்கு மாற்றும் முன்பே எண்ணைச் சோதிக்க வேண்டும்:

```
if (n < 100 || n > 900) {
  digitalWrite(7, LOW);
  return;
}
```

100 என்பது −18 டிகிரி, 900 என்பது 77 டிகிரி. கோழி முட்டைப் பெட்டி இந்த இரண்டுக்கும் வெளியே போக வழியில்லை. இங்கே 7-ஆவது பின்னுக்கு LOW கொடுத்தால் பல்பு அணையும் என்று வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் பல ரிலே பலகைகள் LOW கொடுத்தால்தான் இயங்கத் தொடங்கும். அவற்றில் HIGH என்று மாற்ற வேண்டும். முட்டை வைக்கும் முன் தெர்மிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, பல்பு உண்மையிலேயே அணைகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. தெர்மிஸ்டர் அறுந்துபோகாமல் முழுதாகவே பெட்டிக்கு வெளியே நழுவி விழுந்தால், அது அறையின் 30 டிகிரியை உண்மையாகவே அளந்து 568 என்று சொல்லும். எண்ணில் குறையே இருக்காது. அதைப் பிடிக்க நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பல்பு 20 நிமிடம் தொடர்ந்து எரிந்தும் எண் ஏறவில்லை என்றால் பல்பை அணைத்து, பஸ்ஸரை ஒலிக்கவிட வேண்டும்.